விற்ற ஊறுகாய் கெட்டுவிட்டால் வாங்கியவர்களிடம் எப்படிச் சொல்வது, பணத்தை எப்படித் திருப்புவது

வீட்டில் ஊறுகாய் போட்டு வாட்ஸ்அப் வழியாக விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் ஜூன் 3ஆம் தேதி இரவு ஒரு அக்கா போட்டோ அனுப்பினார். அவர் வாங்கிய மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி மேலே உப்பியிருந்தது. திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்து எண்ணெய் வழிந்ததாகச் சொன்னார். "எண்ணெய் கூடுதலா இருந்திருக்கும்க்கா, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைங்க" என்று பதில் போட்டுவிட்டு நான் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு இன்னொருவர் அதே போட்டோவை அனுப்பினார். நடுவில் போன 14 மணி நேரத்தில் எத்தனை வீட்டில் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்களோ, தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்ததில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதி உங்களுக்கு வேண்டாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். என் கணக்கு சின்னது: 60 பாட்டில், பாட்டிலுக்கு 300 கிராம், விலை 180 ரூபாய். உங்களுடையது 10 பாட்டிலானாலும் 500 ஆனாலும் வரிசை இதேதான்.

1. புகார் வந்த அன்றே உங்கள் பாட்டிலைத் திறந்து பாருங்கள்

புகார் சொன்னவரிடம் விளக்கம் சொல்வதற்கு முன்னால், அதே நாளில் போட்ட பாட்டில் வீட்டில் இருந்தால் எடுத்துத் திறங்கள். எனக்கு 7 பாட்டில் மிச்சம் இருந்தது. ஐந்தில் காற்று அடைத்திருந்தது. இரண்டு பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அந்த இரண்டைப் பார்த்துத்தான் நான் ஏமாறப் பார்த்தேன். "எல்லாம் கெடவில்லை, சிலருக்குத்தான் பிரச்சினை, கேட்பவர்களுக்கு மட்டும் கொடுத்துவிடலாம்" என்று மனசு சொல்லும். ஒரே ஜாடியில் ஊறி ஒரே கரண்டியால் அள்ளிப் போட்டது அது. இன்றைக்கு உப்பாத பாட்டில் அடுத்த வாரம் உப்பும்.

அன்றே விற்பனையை நிறுத்துங்கள். கூரியருக்குக் கட்டி வைத்த பொட்டலம் இருந்தால் பிரித்துவிடுங்கள். மூடி திறக்காத இரண்டு பாட்டிலை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் வைத்து, "விற்பனைக்கு இல்லை" என்று எழுதி ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பின்னால் யாராவது பரிசோதனை செய்யக் கேட்டால் அவைதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

2. என்ன கோளாறு, எந்த நாளில் போட்டது என்று கண்டுபிடியுங்கள்

இதற்கு அரை நாளுக்கு மேல் செலவிடாதீர்கள். எதைத் திரும்பப் பெறுவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

மேலே வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை இல்லை. விரலால் தேய்த்தால் நறநறவென்றிருந்து தண்ணீரில் கரைந்தால் அது உப்பு. பஞ்சுபோல, பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சை. பெரும்பாலும் துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலைகாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது பிடிக்கும். மூடி உப்புவது, குமிழி வருவது, திறந்தால் கள் வாடை அடிப்பது எல்லாம் உள்ளே புளித்துக்கொண்டிருப்பதன் அடையாளம். உப்பு குறைந்தாலோ ஈரம் கூடினாலோ மாங்காயில் இருக்கும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று வாயுவாக்கும். கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் அழுத்தம் ஏறி விரிசல் விடவும் செய்யலாம்.

என்னுடையது உப்புக் கோளாறு. நான் எப்போதும் கல்லுப்பை மிக்ஸியில் பொடித்து, கிலோ மாங்காய்க்கு ஒரு டம்ளர் என்று போடுவேன். அன்றைக்கு மிக்ஸி பழுதாகிக் கடையில் இருந்தது. கல்லுப்பை அப்படியே அதே டம்ளரில் அளந்து போட்டேன். பிறகு தராசில் வைத்துப் பார்த்தால், அந்த டம்ளரில் பொடி உப்பு 160 கிராம் பிடிக்கிறது, கல்லுப்பு 115 கிராம்தான். பரல்களுக்கு நடுவில் காற்று. 12 கிலோ மாங்காயில் அரைக் கிலோவுக்கு மேல் உப்பு குறைந்துபோயிருக்கிறது. போதாததற்கு அன்று மேகமூட்டம், துண்டுகள் சரியாக உலரவும் இல்லை.

இதைக் கண்டுபிடித்த விதம்தான் வேடிக்கை. எந்தத் தேதியில் எப்படிப் போட்டேன் என்று நான் நோட்டில் எழுதும் பழக்கம் இல்லை. மே மாதத்தில் 5, 12, 20 என்று மூன்று முறை போட்டிருக்கிறேன். மிக்ஸிக் கடை ரசீதில் 11ஆம் தேதி கொடுத்து 13ஆம் தேதி வாங்கியதாக இருந்தது. ஆக 12ஆம் தேதிச் சரக்கு. மற்ற இரண்டிலும் வீட்டில் இருந்த பாட்டில்களைத் திறந்து பார்த்தேன், வாயுவோ வாடையோ இல்லை. அதனால் 12ஆம் தேதியோடு நிறுத்தினேன். மற்ற சரக்கிலும் சந்தேகம் ஒரு துளி இருந்தால் அதையும் சேர்த்தே திரும்பப் பெறுங்கள். இரண்டாவது தடவை "இதுவும்தான்" என்று சொல்ல நேர்ந்தால் முதல் தடவை சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பூண்டு ஊறுகாய், இஞ்சித் தொக்கு, காளான், கறி ஊறுகாய் போடுபவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. மாங்காயும் எலுமிச்சையும் தாமே புளிப்பு. பூண்டு அப்படி இல்லை. புளி, எலுமிச்சை, வினிகர் போதாமல் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் பூண்டில், அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6க்கு மேல் இருந்தால், போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு. அதற்கு வாடையோ நிறமோ இல்லாமலும் இருக்கலாம், மூடியும் உப்ப வேண்டியதில்லை. புளிப்பு போட மறந்துவிட்டோம் என்று தெரிந்தாலே போதும், புகாருக்குக் காத்திருக்காமல் திரும்பப் பெற்றுவிடுங்கள். அதைச் சாப்பிட்ட யாருக்காவது பார்வை மங்கல், கண்ணிமை தொங்கல், விழுங்க முடியாமை இருப்பதாகச் சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும், என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கெட்டதைத் திரும்பக் கொதிக்க வைத்து, மேலும் உப்பு போட்டு, வெயிலில் காட்டிக் காப்பாற்றலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார். பூஞ்சை விடும் நச்சுகளில் சில அடுப்புச் சூட்டுக்கு அழியாதவை. வீட்டுக்கே அது வேண்டாம், விற்பனைக்கு நினைத்தும் பார்க்காதீர்கள்.

3. யார் யாரிடம் போயிற்று என்று பட்டியல் எடுங்கள்

பட்டியலில் ஆறு கட்டம் போதும்: பெயர், போன் எண், எத்தனை பாட்டில், எவ்வளவு கொடுத்தார், எப்படிக் கொடுத்தார், அவர் அதை வேறு யாருக்காவது கொடுத்தாரா. யு.பி.ஐ. வரவு, வாட்ஸ்அப் ஆர்டர், கூரியர் ரசீது மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தால் பெரும்பாலும் எல்லோரும் வந்துவிடுவார்கள். கையில் காசு கொடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் விட்டுப்போவார்கள்.

என் கணக்கு இப்படி வந்தது: வீட்டில் 7, ஒரு மளிகைக் கடைக்குக் கொடுத்தது 6, நேரடியாக 34 பேருக்கு 47. மொத்தம் 60 சரியாக வந்தது. கூட்டினால் வரவில்லை என்றால் வரும் வரை தேடுங்கள். எனக்கு முதலில் 57தான் வந்தது. விட்டுப்போன மூன்று என் தங்கை தன் அலுவலகத்துக்கு எடுத்துப்போனவை.

ஆறாவது கட்டம் எதற்கு என்றால், ஊறுகாயை வாங்குபவரே சாப்பிடுவதில்லை. விடுதியில் இருக்கும் மகனுக்கு, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு, விமானம் ஏறும் தம்பிக்கு என்று வாங்குவார்கள். என் 34 பேரில் 9 பேர் வேறு வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள்.

4. முதல் செய்தியில் "சாப்பிடாதீர்கள்" என்பது மட்டும் போதும்

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். முதல் செய்தியிலேயே நடந்தது, வருத்தம், பணம் வேண்டுமா மாற்று வேண்டுமா, எப்படி அனுப்புவது எல்லாவற்றையும் நீளமாக எழுதினேன். படித்தவர்களில் பலர் "மேலும் படிக்க" என்பதைத் தொடவே இல்லை. ஒருவர் "வாழ்த்துகள்" என்று கைகூப்பும் படம் அனுப்பினார். ஏதோ புதுச் சரக்கு அறிவிப்பு என்று நினைத்திருக்கிறார்.

மறுபடி எழுதிய செய்தி இது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம் அக்கா. மே 12 அன்று நான் போட்ட மாங்காய் ஊறுகாய் கெட்டிருக்கிறது. லேபிளில் தயாரித்த தேதி 12/5 என்று இருந்தால் தயவுசெய்து யாரும் சாப்பிட வேண்டாம், பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம். உப்பு அளவில் நான் செய்த தவறு. வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். முழுப் பணமும் திரும்பத் தருகிறேன். இன்று மாலைக்குள் நானே போன் செய்கிறேன். தேதி: ஜூன் 4."

கூடவே லேபிளின் போட்டோ, தேதி இருக்கும் இடத்தில் வட்டம் போட்டு. அவ்வளவுதான்.

செய்தியின் தேதியையும் சரக்கின் தேதியையும் கட்டாயம் போடுங்கள். இந்த மாதிரிச் செய்திகள் குடும்பக் குழுக்களில் மாதக்கணக்கில் சுற்றும். தேதி இல்லாவிட்டால் தீபாவளிக்கு நீங்கள் புதுசாகப் போடும் ஊறுகாயைப் பார்த்தும் "இது கெட்டதாமே" என்பார்கள்.

"தவிர்க்க முடியாத காரணங்களால்", "ஒரு சில பாட்டில்களில் சிறு மாற்றம்", "விருப்பப்பட்டால் தவிர்க்கலாம்" போன்ற வழவழ வார்த்தைகள் வேண்டாம். படிப்பவருக்கு அது தன் பாட்டிலைப் பற்றியது என்றே தோன்றாது. மழை, வேலைக்கு வந்த அம்மா, உப்புக் கம்பெனி என்று பழியைத் தள்ளவும் வேண்டாம். உங்கள் பெயர் போட்டு விற்ற பொருள்.

அடுத்தது தொழில்நுட்பக் கோளாறு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் "பிராட்காஸ்ட்" பட்டியல் இருக்கிறதே, அதில் அனுப்பினால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். எனக்கு 13 பேருக்கு ஒற்றை டிக்கோடு நின்றது. அதை நான் கவனித்ததே மாலையில்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே அனுப்புங்கள். 34 பேருக்கு அனுப்ப அரை மணி நேரம் ஆகிறது, அவ்வளவுதான். வாடிக்கையாளர் குழு வைத்திருப்பவர்கள் அதில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். குழுவை முடக்கி வைத்தவர்கள்தான் பாதிப் பேர்.

5. அன்றே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள்

இரண்டு நீல டிக் வந்தால் செய்தி திறக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். பேரன் திறந்து மூடியிருக்கலாம். போனில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பாட்டில் இப்போது யாரிடம் இருக்கிறது, யாருக்காவது உடம்பு சரியில்லையா, இனி சாப்பிடுவதில்லை என்று வாயால் சொன்னார்களா.

கோபப்படுவார்கள் என்று பயந்துதான் போனை எடுத்தேன். கோபப்பட்டவர் ஒருவர்தான். என்னைத் திணறடித்தவர்கள் அன்பானவர்கள். ஓர் அம்மாவோடு பேசியது இன்னும் நினைவிருக்கிறது.

"எங்க பாட்டில் நல்லாத்தாம்மா இருக்கு. நேத்துகூட தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கிட்டோம். நீ பாவம், காசெல்லாம் வேண்டாம்."

"காசு அப்புறம்மா. அதைச் சாப்பிடாதீங்க. வீட்ல இருந்த பாட்டில்ல ரெண்டு நல்லாத்தான் தெரிஞ்சுது, அதையும் கொட்டிட்டேன். இப்பவே ஒரு கவர்ல போட்டுக் கட்டிடறீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

லைனிலேயே இருந்தது பலித்தது. அவர் பாட்டிலைத் தேடிப் போனபோதுதான் இன்னொன்றை மருமகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது நினைவுக்கு வந்தது.

பாட்டிலைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். வாயு ஏறிய எண்ணெய்ப் பாட்டில் வழியில் கசிந்து மற்றவர் பொட்டலங்களையும் கெடுக்கும். லேபிளும் ஊறுகாயும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, பிறகு மூடியை மெல்லத் திறந்து காற்றை விட்டு, இறுக மூடி, கவரில் கட்டிக் குப்பையில். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மேலே ஒரு துணி போட்டுத் திறந்தால் நல்லது. கழுவுதொட்டியில் கொட்டினால் எண்ணெய் குழாயை அடைக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் போடக் கூடாது, இதைச் சொல்லாவிட்டால் போடுவார்கள்.

யாராவது வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் "அது வேறெதாவது சாப்பிட்டதாக இருக்கும்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டிலைத் தூக்கி எறியாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள், எப்போது சாப்பிட்டார், எப்போது ஆரம்பித்தது என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. காரணம் ஊறுகாய்தானா என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனாலும் மருத்துவரிடம் போன செலவை நான் கொடுத்தேன்.

முதல் நாளில் 21 பேர், இரண்டாம் நாளில் 11 பேர் கிடைத்தார்கள். மிச்சம் இரண்டு பேர் போனை எடுக்கவே இல்லை. கூரியர் ரசீதில் இருந்த முகவரிக்கு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பினேன். ஒருவர் போனை மாற்றியிருந்தார், கடிதம் பார்த்துக் கூப்பிட்டார். இன்னொருவர் கதை கடைசியில் வரும்.

6. பணமா, மாற்றுப் பாட்டிலா: முடிவு வாங்கியவருடையது

"அடுத்த தடவை ஒண்ணு இலவசமாத் தரேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதை ஏற்றுக்கொண்டால் அவர் மறுபடி உங்களிடம் வாங்கித்தான் ஆக வேண்டும். முதலில் முழுப் பணத்தைச் சொல்லுங்கள், பிறகு மாற்றைச் சொல்லுங்கள். பாதி சாப்பிட்டவருக்கும் முழுப் பணம்தான். கூரியர் கட்டணத்தை அவர் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து.

மாற்று தருவதாக இருந்தால் எது, எப்போது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாங்காய் ஊறுகாயைப் புதிதாகப் போட்டு மறுவாரமே அனுப்பினால், அதிலும் கோளாறு இருந்தால் அவர்கள் வீட்டில்தான் தெரியவரும். நான் இரண்டு வழி சொன்னேன். கையில் நன்றாக ஊறி இருந்த எலுமிச்சை ஊறுகாய் இப்போதே, அல்லது புது மாங்காய் ஜூலை முதல் வாரம்.

34 பேரில் 19 பேர் பணம் கேட்டார்கள், 25 பாட்டில். 11 பேர் மாற்று கேட்டார்கள், 16 பாட்டில். நாலு பேர் 6 பாட்டிலுக்கு எதுவும் வேண்டாம் என்றார்கள். செலவு இப்படி ஆனது: 25 பாட்டிலுக்கு 4,500 ரூபாய். அவர்களில் வெளியூர்க்காரர்கள் 8 பேருக்குக் கூரியர் 60 வீதம் 480. கடைக்கு 6 பாட்டில், கொடுத்த விலை 150 வீதம் 900. மாற்று 16 பாட்டில் போட அடக்கவிலை 95 வீதம் 1,520. அதில் ஐந்து பொட்டலம் அனுப்ப 300. மொத்தம் 7,700 ரூபாய். மருத்துவச் செலவும் அஞ்சலும் இதில் சேரவில்லை. அந்தச் சரக்கு முழுதும் விற்றிருந்தால் எனக்கு வந்திருக்கும் லாபத்தைவிட இது கூடுதல். இப்போது ஒரு சரக்குக்கான விற்பனைத் தொகையைத் தொடாமல் தனியாக வைத்திருக்கிறேன். அப்படி இல்லாதவர்கள் "பணம் இரண்டு தவணையாகத் தருகிறேன், இந்தத் தேதிக்குள்" என்று ஒளிக்காமல் சொல்லலாம். "பார்த்துத் தருகிறேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது.

7. பணத்தை அனுப்பும்போது

"உங்களுக்குப் பணம் திரும்பத் தருகிறோம்" என்று வரும் செய்தி இன்றைக்கு நம் ஊரில் மோசடிச் செய்தி போலவே இருக்கும். என்னிடம் வாங்கிய ஒருவர் உடனே என் எண்ணை முடக்கிவிட்டார். அவர் செய்தது புத்திசாலித்தனம். அதனால் இணைப்பு எதுவும் அனுப்பாதீர்கள். ஓ.டி.பி., அட்டை எண், வங்கி விவரம் எதையும் கேட்காதீர்கள். அவர் எந்த எண்ணிலிருந்து யு.பி.ஐ.யில் பணம் அனுப்பினாரோ அதே எண்ணுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். அவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை, பின் எண் போடவும் தேவையில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். குறிப்புக் கட்டத்தில் "மாங்காய் 12/5 திருப்பம்" என்று போடுங்கள். கணக்குப் பார்க்கும்போது அது உதவும்.

கடைக்காரர்களுக்கான க்யூ.ஆர். வைத்திருப்பவர்கள், அந்தச் செயலியிலேயே அதே வரவைத் திருப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு ரொக்கமாகவே கொடுத்து, பட்டியலில் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

பட்டியலில் இல்லாத இரண்டு பேர் பணம் கேட்டு வந்தார்கள். ஒருவர் உண்மையிலேயே தோழி கொடுத்த பாட்டில் வைத்திருந்தார். லேபிள் போட்டோ கேட்டதும் அனுப்பினார். இன்னொருவர் அதன்பின் பேசவில்லை. பட்டியலில் இருப்பவர்களிடம் மட்டும் போட்டோவைக் கட்டாயம் ஆக்காதீர்கள். நீங்கள் சொன்னதும் பாட்டிலைத் தூக்கி எறிந்தவரைத் தண்டிப்பதாகிவிடும்.

ஆளைத் தேடிக் கண்டுபிடித்தபின் மூன்று நாளுக்குள் எல்லாப் பணமும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நான் இரண்டு நாளில் முடித்தேன்.

8. கடைக்கும் அதிகாரிக்கும்

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போனில் சொல்லாமல் நேரில் போனேன். ஆறில் நாலு அலமாரியில் இருந்தது, இரண்டு விற்றுப்போயிருந்தது. ஒன்று யார் வாங்கியது என்று அவருக்கே நினைவிருந்தது. மற்றொன்றுக்காக, தேதி, படம், என் எண் போட்டு ஒரு தாளைப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் 30 நாள் ஒட்டிவைத்தோம். அலமாரியில் இருந்த நாலையும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். "நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்றால் கடைப் பையன் தெரியாமல் விற்றுவிடுவான்.

சிறு உற்பத்தியாளராக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து 14 இலக்க எண் வைத்திருப்பவர்களுக்கு, இது விருப்பப்பட்டுச் செய்கிற நல்ல காரியம் மட்டும் கிடையாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, தான் தயாரித்த உணவு சட்டத்தின் தரத்துக்கு உட்பட்டதாக இல்லை என்று கருதும் உற்பத்தியாளர் உடனே அதைச் சந்தையிலிருந்தும் வாங்கியவர்களிடமிருந்தும் திரும்பப் பெற வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நான் அந்தப் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினேன். கேட்டது இவைதான்: எத்தனை பாட்டில், எத்தனை திரும்பக் கணக்கில் வந்தது, வாங்கியவர்களுக்கு அனுப்பிய செய்தியின் நகல், காரணம், இனி என்ன மாற்றம். பதிவு இல்லாமல் விற்பவர்கள் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் வாங்கியவர்களுக்கே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அது பயத்தை வளர்க்குமே தவிர குறைக்காது. முதலில் வாங்கியவர்களுக்குச் சொல்லுங்கள், அதே வாரம் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

ஒரே கோப்பில் வைக்க வேண்டியவை: பட்டியல், அனுப்பிய செய்தியின் படம், பணம் போன ரசீதுகள், பாட்டில் போட்டோக்கள், கடிதத்தின் நகல். லேபிளில் "இதற்குள் பயன்படுத்தவும்" என்று போட்ட தேதி தாண்டியும் சில மாதம் வைத்திருங்கள்.

9. மாற்றுப் பாட்டில் போகும்போது

புதுச் சரக்கில் உப்பைத் தராசில் நிறுத்தேன், கிலோ துண்டுக்கு 160 கிராம். துண்டுகளைத் துணியில் துடைத்து, கையில் ஒட்டாத அளவு நிழலில் உலர்த்தினேன். கழுவிய பாட்டிலை ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். துண்டுகள் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் எண்ணெயை ஊறுகாய் உறிஞ்சிக்கொள்ளும், அப்போது காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். மூன்று வாரம் வீட்டிலேயே வைத்து, வாரம் ஒரு பாட்டில் திறந்து பார்த்தபிறகுதான் அனுப்பினேன். சொன்ன தேதிக்கு நாலு நாள் தாமதமானது. அதை முன்கூட்டியே சொன்னதால் யாரும் கேட்கவில்லை. கூடவே ஒரு துண்டுத் தாளில் புதுத் தயாரிப்புத் தேதியும், "பழைய 12/5 பாட்டில் இன்னும் இருந்தால் எறிந்துவிடுங்கள்" என்ற வரியும் வைத்தேன்.

விரைவு அஞ்சலில் அனுப்பிய கடிதமும் வீண் போகவில்லை. போனை எடுக்காத அந்த இரண்டாவது ஆள் அக்டோபரில் கூப்பிட்டார். வெளிநாட்டில் மகளோடு நாலு மாதம் இருந்துவிட்டு வந்து பூட்டைத் திறந்தால், கதவிடுக்கில் என் கடிதம், அலமாரியில் உப்பிய மூடியோடு திறக்காத பாட்டில். கோப்பை எடுத்தேன், பெயருக்கு எதிரே 180, கூரியர் 60. அன்று மாலையே 240 ரூபாய் அனுப்பிவிட்டேன்.